விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் லாபம் எவ்வளவு குறையும்?

ஆண்டுக்கு ரூ.10 கோடிக்கு நூல் விற்கும் ஒரு ஸ்பின்னிங் மில் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு போன்ற, உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு 6 கோடி. மீதி 4 கோடி. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் நிலையான செலவு 2 கோடி. ஆக, வட்டிக்கு முந்தைய லாபம் 2 கோடி. வங்கி வட்டி 1 கோடி போக, கையில் நிற்பது 1 கோடி.

4 கோடியை 2 கோடியால் வகுத்தால் ஆபரேட்டிங் லீவரேஜ் 2. அந்த 2 கோடியை, வட்டி போக மிஞ்சும் 1 கோடியால் வகுத்தால் ஃபைனான்ஷியல் லீவரேஜும் 2. இரண்டையும் பெருக்கினால் 4.

இப்போது விற்பனை 10% சரிகிறது. பஞ்சுச் செலவும் 5.4 கோடியாகக் குறையும். ஆனால் நிலையான செலவும் வட்டியும் அசையாது. கடைசியில் மிஞ்சுவது 60 லட்சம். அதாவது லாபத்தில் 40% போய்விட்டது. விற்பனை 10% கூடியிருந்தால் லாபமும் 40% ஏறியிருக்கும்.

பலரும் தவறவிடுவது இதைத்தான்: அந்த 4 நிரந்தரமல்ல. 9 கோடி விற்பனையில் அதே கணக்கைப் போட்டால் 6 வரும். இன்னொரு 10% சரிந்தால் லாபத்தில் 60% கரைந்து, 24 லட்சம்தான் மிஞ்சும். விற்பனை ஏழரைக் கோடியைத் தொட்டால் லாபம் பூஜ்யம்.

செலவைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். மின் கட்டணம் முழுவதையும் மாறும் செலவில் சேர்ப்பது தவறு. அதிலுள்ள டிமாண்ட் சார்ஜ், உற்பத்தி குறைந்தாலும் அதே அளவில் குறையாது.