கன்று வீசிய கொட்டகைக்கு ஒரு வானொலிப் பேச்சு

மாடு கன்று வீசினால் அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன செய்வீர்கள்? வானொலியில் விவசாயக் குடும்பங்களிடம் புரூசெல்லோசிஸ் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன். நோயின் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வானொலி கேட்பவர்கள் பால் கறந்துகொண்டோ தீவனம் கலந்துகொண்டோ கேட்கிறார்கள். அவர்களிடம் நுண்ணோக்கிப் படத்தைக் காட்ட முடியாது. கொட்டகையைக் கண்முன் கொண்டுவந்துவிட்டால் காது கொடுப்பார்கள். 1960களில் தஞ்சாவூர் வட்டாரத்தில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. திருச்சி வானொலி சொன்னதை நம்பி அதை விதைத்தவர்கள் வைத்த பெயர் அது. அந்த நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. ஆகவே அங்கே பேசுகிறவர் அளந்துதான் பேச வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். புரூசெல்லா என்ற பாக்டீரியா மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றின் கருப்பையைத் தாக்கிச் சினையைக் கலைக்கிறது. அதே கிருமி மனிதருக்குள் போனால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக மாறுகிறது. உடம்புக்குள் நுழைய அதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. காய்ச்சாத பால் ஒன்று. கன்று, குட்டி ஈனும் இடத்தின் ஈரம் இன்னொன்று.

பாலின் கதை மால்டா தீவில் தெரியவந்தது. அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர் உள்ளூர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்த ஆடுகள்தான் நோயைச் சுமந்துகொண்டிருந்தன. அவற்றின் பாலிலும் கிருமி இருந்தது. மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சல் சட்டென்று குறைந்தது.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் காபி போடுவதில்லை. தயிருக்கும் காய்ச்சி ஆறவைத்த பாலில்தான் உறை ஊற்றுகிறோம். கொதி வந்த பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்கினாலே செத்துவிடும். ஆனாலும் சில சந்துகள் உண்டு. கறக்கும்போதே நுரைப்பாலை ஒரு வாய் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். காம்பிலிருந்து குழந்தையின் வாயில் விளையாட்டாகப் பீய்ச்சுகிறார்கள். சளிக்கும் சவலைக்கும் நல்லது என்று வெள்ளாட்டுப் பாலைப் பச்சையாகப் புகட்டுகிறார்கள். நோயுள்ள மாட்டின் பால் நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ மாறியிருக்காது. மாடும் நன்றாகவே மேயும். “நம்ம மாடு சுத்தமான மாடு” என்ற பேச்சு இங்கே உதவாது.

இந்த நான்கு வரியைச் சொல்லிவிட்டு மீதி நேரத்தை நான் கொட்டகைக்கே கொடுத்துவிடுவேன். பாலைக் காய்ச்சிக் குடிப்பதாலேயே நமக்கு இந்த நோய் வராது என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நம் ஊரில் மாடு பார்ப்பவர்களுக்கு ஆபத்து அடுப்படியில் இருப்பதைவிடத் தொழுவத்தில்தான் அதிகம்.

சினையான மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. புரூசெல்லா அதை விரும்பித் தின்று பெருகுகிறது. கலைந்து விழும் கன்று, பனிக்குட நீர், கொடி, அதன்பின் வாரக்கணக்கில் வடியும் கசிவு ஆகிய எல்லாவற்றிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, கண்ணில் தெறித்தோ, மூச்சில் போயோ உள்ளே நுழைய அதற்குச் சில கிருமிகளே போதும். நல்ல வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சாகும். நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள சாண மண்ணிலோ மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வழக்கமாக நடப்பதைச் சொல்ல ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு மாதச் சினையில் சந்தையில் வாங்கிய கலப்பின மாடு. ஏழாம் மாதம் ஒரு ராத்திரி கன்று வீசிவிடுகிறது. கொடி விழவில்லை. விடிந்ததும் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கொடியைப் பிய்த்து எடுக்கிறார். மனைவி ஈரத்தைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறார். செத்த கன்று குப்பைமேட்டுக்குப் போகிறது, அதை நாய் இழுத்துப் போகிறது. பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு சினைமாடு தரையை நக்குகிறது. மாடு போனதே, பால் போனதே என்ற கவலையில் அந்த வீட்டில் வேறெதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரருக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். ராத்திரி வியர்த்து உடுத்திய துணி நனைகிறது. இடுப்பும் முதுகும் வலிக்கின்றன. விடிந்தால் ஓரளவு தேறிவிடுவதால் வேலைக்கும் போகிறார். டைபாய்டு என்று ஒரு வாரம் மாத்திரை கொடுக்கிறார்கள், குறைகிறது. பத்து நாளில் திரும்ப வருகிறது. விதை வீங்குகிறது. எடை குறையவே காசநோயாக இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள், அதில் ஒன்றுமில்லை. இப்படி இரண்டு மூன்று மாதம் போன பிறகு ஒரு மருத்துவர் கேட்கிறார்: “வீட்ல மாடு இருக்கா? சமீபத்துல எதாவது கன்னு வீசிச்சா?” அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புரூசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு போகிறவர் முதல் நாளே “மாடு பார்க்கிறேன், கன்று வீசியதைக் கையால் எடுத்தேன்” என்று சொல்லிவிட வேண்டும். கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் காய்ச்சல் தொடங்குவதே அதிகம். சிலருக்குப் பல மாதம் கழித்தும் வரும். அதற்குள் மாட்டுக்கு நடந்தது மறந்துபோயிருக்கும். சிகிச்சையில் பெரும்பாலும் டாக்சிசைக்ளினுடன் இன்னொரு மருந்தையும் சேர்த்து ஆறு வாரம் தருவார்கள். இரண்டாம் வாரமே காய்ச்சல் நின்றுவிடும், மாத்திரையையும் நிறுத்திவிடத் தோன்றும். கிருமி நம் ரத்த அணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பாதியில் விட்டவருக்கு நோய் திரும்புகிறது. முதுகெலும்பையும், சில சமயம் இதய வால்வையும் அது பிடித்துக்கொள்ளும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது ஒட்டுவது மிக அரிது. நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

மறுபடி அந்த ராத்திரிக்கு வருவோம். கன்று வீசும் மாட்டுக்கெல்லாம் இந்த நோய்தான் என்று இல்லை. வேறு கிருமியாலும் அடிபட்டாலும் சினை கலையும். ஆனால் ஐந்தாம் மாதத்துக்கு மேல் வீசினால், சோதித்துத் தெரியும்வரை இந்த நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதலில் மற்ற மாடுகளையும் நாயையும் குழந்தைகளையும் விலக்குங்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அந்தப் பக்கமே வரக்கூடாது. கொடி விழாவிட்டால் வெறுங்கையால் இழுக்கவே கூடாது, கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள் அல்லது 1962க்குப் போன் செய்யுங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் ரப்பர் கையுறை வேண்டும். அது கிடைக்காதபோது ஓட்டையில்லாத தடித்த பாலித்தீன் பையைக் கையில் மாட்டி முழங்கைக்குமேல் கட்டிக்கொள்ளலாம். வாயையும் மூக்கையும் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டி மூச்சுவிடாமல் கிடந்தால் அதன் மூக்கில் வாய்வைத்து ஊதும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். காய்ந்த துணியாலோ வைக்கோலாலோ விலாவை அழுத்தித் தேய்த்தாலே பல குட்டிகள் மூச்சு எடுக்கும்.

செத்த கன்றையும் கொடியையும் நனைந்த வைக்கோலையும் கிணற்றிலிருந்து தள்ளி, நாலு முதல் ஆறு அடி ஆழக் குழியில், மேலும் கீழும் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மேலே முள்ளோ கல்லோ வைத்தால் நாய் தோண்டாது. தரையில் சாணமும் ரத்தமும் இருக்கும்போது மருந்து ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் அள்ளிப் புதைத்துவிட்டு, அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். துணியைக் கொதிநீரில் போடுங்கள், கையைச் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

இந்த இடத்தில் வானொலி நிலையத்துக்குக் கட்டாயம் ஒரு கேள்வி வரும். “இளங்கொடியை ஆலமரத்துல கட்டாம புதைச்சா பால் வத்திடுமே சார்?” கொடியைச் சாக்கிலோ ஓலையிலோ கட்டிப் பால்மரத்தில் தொங்கவிட்டால் மரத்தைப் போல மாடும் பால் சுரக்கும் என்ற நம்பிக்கை பல தலைமுறையாக இருக்கிறது. கொடியை மாடோ நாயோ தின்றுவிடாமல் காத்த வழக்கம் என்ற அளவில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் மரத்தடியில் ஆடு மேய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். சாக்கிலிருந்து நீர் சொட்டுகிறது, காக்கை கொத்தி இழுக்கிறது. “புதைங்கம்மா, பால் மடியிலதான் சுரக்குது, மரத்துல இல்ல” என்று பதில் சொல்லிவிட்டு, மனம் கேட்காதவர்களிடம் அதே ஆலமரத்துக்குத் தள்ளி ஆழமாகப் புதைக்கச் சொல்வேன்.

கன்று வீசிய மாட்டின் ரத்தத்தை உடனே சோதித்தால் சில சமயம் நோய் இல்லை என்றே வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை, கசிவு நிற்கும்வரை, மாட்டைத் தனியே கட்டி அதற்கென்று தனி வாளி வைக்க வேண்டும். நோய் உறுதியானால் மாட்டுக்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. பல மேலை நாடுகளில் இப்படிப்பட்ட மாடுகளை அழித்து உரிமையாளருக்கு இழப்பீடு தந்து நோயை ஒழித்தார்கள். இங்கே அது நடைமுறையில் இல்லாததால் நட்டப்பட்ட குடும்பம் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறது. நாம் கற்பனை செய்த வீட்டுக்கும் அந்தச் சினைமாடு அப்படித்தான் வந்திருக்கும். கடன் கழுத்தை நெரிக்கும்போது விற்காதே என்று வானொலியில் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்கிறேன்.

கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி உண்டு. நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை போட வேண்டும். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். காளைக்கும் சினைமாட்டுக்கும் போடுவதில்லை. அது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து, ஊசி நம் கையில் குத்தினால் நமக்கே நோய் வரும். அதனால் மருத்துவத் துறையினரே போட வேண்டும். ஏற்கெனவே நோயுள்ள மாட்டை அது குணப்படுத்தாது.

அப்படிப்பட்ட மாட்டை வைத்துக்கொள்ளும் வீட்டார் கவனிக்க வேண்டியது அடுத்த ஈற்றை. பெரும்பாலான மாடுகள் ஒரு முறைதான் வீசும். அடுத்த சினையில் கன்று நல்லபடியாகப் பிறக்கும், நோய் போய்விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் அந்த ஈற்றின் பனிக்குட நீரிலும் கொடியிலும் சீம்பாலிலும் கிருமி இருக்கக்கூடும். சினை ஊசி போட்ட தேதியிலிருந்து ஒன்பது மாதம் ஒன்பது நாள் எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே மாட்டைத் தனியே கட்டுங்கள். கையுறையும் சுண்ணாம்பும் வாங்கி வைத்து, குழியையும் முன்கூட்டியே வெட்டி வையுங்கள்.