கடை கட்டும் நேரத்துக் கணக்கு

இரவு எட்டு மணிக்கு மேல் நமது கடைகளில் நடப்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து நின்ற கால் கெஞ்சும். லாரிக்காரர் வெளியே ஹாரன் அடிப்பார். பாக்கி கட்ட வருகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். நாள் முழுதும் தவறாத கை, அந்த ஒரு மணி நேரத்தில்தான் தவறுகிறது.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம் நமது மண்டியில் நடந்ததை எழுதுகிறோம். நாள்வழிப்படி கல்லாவில் 86,750 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணினால் 84,950தான் இருந்தது. இரண்டு முறை எண்ணியும் 1,800 ரூபாய் குறைவு. மணி பத்தைத் தாண்டிவிட்டது. அன்று மாலை சில்லறை மாற்றப் பக்கத்துக் கடைக்குப் போய் வந்தவன் நமது கடைப் பையன். "நீ கொண்டுபோன நோட்டை எண்ணித்தானே கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டோம். கேட்ட தொனியே குற்றம் சாட்டுவதாக இருந்தது. அவன் பதில் பேசாமல் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை, வாசல் தெளித்த கையோடு, நாம் வேலை பழகிய கடையின் கணக்குப்பிள்ளை சொல்லிக் கொடுத்த முறை நினைவுக்கு வந்தது. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். 1,800ஐ ஒன்பதால் வகுத்தால் 200. அதாவது ஆயிரத்து இலக்கமும் நூற்று இலக்கமும் இடம் மாறியிருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் இரண்டு வித்தியாசம் இருக்க வேண்டும். கல்லாவில் குறைவு என்பதால் வரவை அதிகமாக எழுதியிருக்கிறோம். ஆகவே எழுதியிருப்பதில் ஆயிரத்து இலக்கம்தான் பெரியது.

எட்டு மணிக்குப் பிந்தின வரவுகளை மட்டும் பார்த்தோம். அப்படிப்பட்ட தொகை மூன்றே: 3,150, 5,300, 6,420. சிட்டைகளோடு ஒத்துப் பார்த்ததில் மூன்றாவது சிக்கியது. சிட்டையில் 4,620, நாள்வழியில் 6,420. எழுதிய கை நம்முடையது! அந்தத் தொகை அப்படியே பேரேட்டில் வாடிக்கையாளர் பெயரில் வரவாகவும் ஏறியிருந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் 1,800 ரூபாய் நம் பாக்கியில் கழிந்திருக்கும். பையன் பேரில் சந்தேகமும் நின்றிருக்கும். அவன் வந்ததும் மற்ற ஆட்களை வைத்துக்கொண்டே தவறு நம்முடையது என்று சொன்னோம். முந்தின இரவு கேட்டதும் அவர்கள் முன்னால்தானே?

இம்முறைக்கு எல்லை உண்டு. 450ஐ 4,500 என்று ஒரு பூஜ்யம் கூட்டி எழுதினாலும் வித்தியாசம் 4,050. அதுவும் ஒன்பதால் வகுபடும். தற்செயலாகவும் வகுபடலாம். ஒரே நாளில் இரண்டு தவறு கலந்துவிட்டால் இது உதவாது. வித்தியாசம் சரியாக 100 அல்லது 500 என்றால் நோட்டு எண்ணியதையும், மீதிச் சில்லறை கொடுத்ததையும், கூட்டலையும்தான் பார்க்க வேண்டும்.

தராசிலும் இதே நேரத்து விபத்து ஒன்று உண்டு. மின் தராசில் 350 கிராம் டின்னை வைத்து, டேர் பொத்தானை அழுத்தி, முந்திரி நிறுக்கிறோம். டின்னை எடுத்ததும் தராசு 350 கிராம் குறைவாக, முன்னால் கழித்தல் குறியோடு காட்டும். அதைக் கவனியாமல் அடுத்தவருக்கு வெறும் பையை வைத்து ஒரு கிலோ காட்டும்வரை கொட்டினால், போவது 1,350 கிராம். வாங்கினவர் திரும்பி வந்து சொல்லமாட்டார். தட்டு காலியாக இருக்கையில் பூஜ்யம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே கொட்ட வேண்டும்.

இப்போது நமது கடையில் எட்டு மணிக்கே ஒரு முறை கல்லாவை எண்ணி, நாள்வழியில் கோடு போட்டுவிடுகிறோம். பத்து நிமிடம் பிடிக்கும், வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் இரவு வித்தியாசம் வந்தால் கோட்டுக்குக் கீழே இருபது, இருபத்தைந்து வரிகளைத்தான் தேட வேண்டும். போனில் பணம் அனுப்புகிறவர்கள் காட்டும் திரையைப் பார்த்து வரவு எழுதுவதில்லை. நமது கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே எழுதுகிறோம். பத்து நிமிடம் தேடியும் கிடைக்காத வித்தியாசத்தைத் துண்டுச் சீட்டில் குறித்துக் கல்லாவில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். அதைப் பற்றி இரவில் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

கோட்டுக்குக் கீழே வரும் சிட்டைகளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் எழுதுகிறார். "நாலாயிரத்து அறுநூற்று இருபது" என்று காதில் விழும்போது 6,420 என்று எழுதக் கை போவது அரிது. படிப்பவன் அந்தப் பையன்தான். எழுதுவது நாம்.