எத்தனை நிமிட இசை என்று எழுதுங்கள்

குறும்படம் எடுத்த இளைஞர் ஒருவர், இசைக் கல்லூரி மாணவிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: "படம் ரெடி. உங்க ஸ்டைலில் நல்ல பின்னணி இசை வேணும். கிரெடிட் கண்டிப்பா கொடுத்திடுவோம்." எவ்வளவு வேலை, எப்போது முடிக்க வேண்டும், பெயர் எங்கே வரும் என்று எதுவும் இதில் இல்லை. மாணவி எதற்குச் சம்மதிப்பார்?

அதையே இப்படி எழுதலாம்: "படம் 12 நிமிடம். நான்கு இடங்களில் இசை, மொத்தம் சுமார் 5 நிமிடம். இரண்டாவது இடத்தில் அம்மாவும் மகனும் பேசிக்கொள்கிறார்கள். அங்கே ஒற்றை வாத்தியம் போதும். எடிட்டிங் முடிந்துவிட்டது, இனி ஒரு ஷாட்டும் மாறாது. திருத்தம் கேட்டால் இரண்டு முறைக்கு மேல் கேட்க மாட்டேன். பணம் தர வழியில்லை."

இதில் எடிட்டிங் முடிந்தது என்ற வரிதான் இசையமைப்பாளருக்கு உயிர். சினிமாக்காரர்கள் 'பிக்சர் லாக்' என்பார்கள். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஓடும் இசையில் ஒரு தட்டுக்கு முக்கால் விநாடி. கதவு திறக்கும் கணத்தில் தாளம் விழும்படி அமைத்துவிட்டார் என்று வையுங்கள். பிறகு எடிட்டர் அதற்கு முன்னால் இரண்டு விநாடியை வெட்டினால், கதவு இரண்டரைத் தட்டுக்கும் அதிகமாக முன்னால் வந்துவிடும். இசையில் இரண்டு விநாடியை அப்படியே வெட்டவும் முடியாது. தாளம் நடுவில் அறுபடும். அந்தப் பகுதியைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

எடிட்டிங்கில் தற்காலிகமாக வேறொரு படத்தின் இசையைப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. அதன் வேகம் பிடித்ததா, வாத்தியம் பிடித்ததா என்று குறிப்பிட வேண்டும். "இதே மாதிரி" என்று மட்டும் எழுதினால் நகல்தான் கிடைக்கும்.

பெயர் விஷயத்தில் இடத்தையும் வாசகத்தையும் எழுதிவிட வேண்டும்: படத்தின் முடிவில் 'இசை' என்று தனி கார்டு, போஸ்டரில் பெயர், திரைப்பட விழா விண்ணப்பத்தில் இசையமைப்பாளர் என்ற இடத்திலும் அதே பெயர். விண்ணப்பத்தில் எழுதியதைத்தான் பல விழாக்கள் தங்கள் கையேட்டில் அச்சிடும். அங்கே விடுபட்டால் படத்தில் இருந்தும் பலனில்லை.

உரிமை தனி விஷயம். யாரிடமும் வேலையில் இல்லாமல், பணமும் வாங்காமல் அமைத்த இசை அந்த மாணவிக்கே சொந்தம். அந்த உரிமையை இயக்குநர் வாங்கிக்கொள்வதாக இருந்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு விழாக்களுக்குப் படத்தை அனுப்ப நினைப்பவர் இந்த இரண்டையும் தனித்தாளில் எழுதி, வேலை தொடங்கும் முன்பே மாணவியின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.