பொத்தானைத் தொட்டவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்களா?

கூகுள் மேப்பில் ஒரு கடையைத் தேடினால் பெயருக்குக் கீழே மூன்று பொத்தான்கள் தெரியும். ஒன்று கடைக்குப் போன் போடும், இன்னொன்று வழி காட்டும், மூன்றாவது கடையின் இணையதளத்துக்குக் கூட்டிப் போகும். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைக் கூகுள் எண்ணி, கடைக்காரரின் கூகுள் பிசினஸ் புரொஃபைல் கணக்கில் மாதவாரியாகக் காட்டுகிறது. கடைக்கு விளம்பரம் செய்து தரும் ஏஜென்சிகள் பல, மாதக் கடைசியில் இந்த மூன்று எண்களைத்தான் விளம்பரத்தின் பலன் என்று எடுத்து நீட்டுகின்றன. அவற்றில் எவ்வளவு உண்மையிலேயே விளம்பரத்தால் வந்தது என்பதைக் கடைக்காரரே கணக்குப் பார்த்துவிட முடியும்.

கணக்குக்காக மதுரையில் ஒரு பர்னிச்சர் கடையை வைத்துக்கொள்வோம். டிசம்பரில் விளம்பரம் இல்லை. அந்த மாதம் போன் பொத்தானை 140 பேரும், வழிகாட்டியை 210 பேரும், இணையதளத்தை 80 பேரும் தொட்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் கூகுள் விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் செலவானது. அந்த மாத எண்கள் 200, 330, 190. மூன்றையும் கூட்டினால் 720. செலவை இதால் வகுத்துவிட்டு ஏஜென்சி சொல்கிறது: “ஒரு வாடிக்கையாளருக்கு 25 ரூபாய்தான் சார் ஆகியிருக்கு.”

இந்தக் கணக்கில் முதல் பிழை, கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியது. கட்டில் வாங்க நினைக்கும் ஒரே ஆள் முதலில் இணையதளத்தில் படங்களைப் பார்க்கிறார், பிறகு போன் போட்டு விலை கேட்கிறார், மறுநாள் வழியைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார். அவர் ஒருவரே அறிக்கையில் மூன்றாக நிற்பார்.

ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. போன் எண்ணிக்கை என்பது பொத்தானைத் தொட்ட எண்ணிக்கை மட்டுமே. மணி அடித்ததா, யாராவது எடுத்தார்களா என்பது அதில் இல்லை. வேலை கேட்டவர், பிளைவுட் விற்க வந்தவர், ‘ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா’ என்று கேட்டவர் எல்லாரும் அதற்குள் அடக்கம். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் திரையில் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையால் டயல் செய்தவர் அதில் வரவே மாட்டார். கடை போனில் வந்த அழைப்புப் பட்டியலோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

வழி கேட்டவர்களின் எண்ணிக்கையில், ஒரே ஆள் பலமுறை தட்டியதையும் தட்டிவிட்டு ரத்து செய்ததையும் கூகுள் கழித்துவிடுகிறது. ஆனாலும் வழி கேட்பவர் எல்லாரும் வாங்க வருபவர் அல்ல. சரக்கு இறக்க வரும் லாரி டிரைவர், கூரியர் பையன், பழுது பார்க்கக் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்க வரும் பழைய வாடிக்கையாளர் ஆகியோரும் அதே பொத்தானைத்தான் தட்டுகிறார்கள். மேப்பில் கடையின் புள்ளி ஒரு தெரு தள்ளி விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வழி கேட்டவர் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். ஆனால் ‘இங்கே வந்து நிற்கிறோம், கடையைக் காணோமே’ என்ற போன்களும் கூடவே ஏறும். போன் எடுப்பவரிடம் கேட்டால் அது தெரிந்துவிடும்.

இணையதள எண்ணிக்கையைச் சரிபார்ப்பதுதான் எளிது. புரொஃபைலில் கொடுக்கும் முகவரியின் வாலில் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால், அங்கிருந்து வந்தவர்களைத் தளத்தின் அனலிட்டிக்ஸ் தனியாகப் பிரித்துக் காட்டும்.

```
https://example.com/?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp
```

புரொஃபைல் 190 என்று சொல்ல, அனலிட்டிக்ஸ் 120 என்று சொன்னால், மீதிப் பேரில் பலர் பக்கம் திறக்கும் வரை பொறுக்காமல் போயிருக்கலாம். அப்போது சரிசெய்ய வேண்டியது தளத்தின் வேகம்.

அடுத்து, விளம்பரத்தின் பங்கைப் பிரிக்க வேண்டும். விளம்பரத்தால் வந்தவரையும் தானாகத் தேடி வந்தவரையும் புரொஃபைல் அறிக்கை தனித்தனியாகக் காட்டுவதில்லை. அதற்கு Google Ads கணக்கைத் திறக்க வேண்டும். கடையின் இருப்பிடத்தை விளம்பரத்தோடு இணைத்திருந்தால், விளம்பரத்தைத் தொட்டவர்கள் வழி கேட்டது Local actions - Directions என்ற பெயரில் அங்கே தனியாகப் பதிவாகும். போனுக்கும் இணையதளத்துக்கும் அதேபோல் தனி வரிகள் உண்டு. இவை பெரும்பாலும் All conv. என்ற பத்தியில்தான் தெரியும். நம் கடையின் பிப்ரவரி கணக்கில் போன் 40, வழி 60, இணையதளம் 100 என்று இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 200. தொடுகை ஒன்றுக்கு 90 ரூபாய் ஆகிவிட்டது.

டிசம்பரைவிடப் பிப்ரவரியில் கூடியது 290. அதில் 200 விளம்பரத்தின் வழியாக வந்தது என்றால் மீதி 90 எப்படி வந்தது? டிசம்பர் பாதியிலேயே மார்கழி பிறந்துவிடுகிறது. கல்யாணமும் கிரகப்பிரவேசமும் நின்றுபோகும். பிப்ரவரியிலோ தையும் மாசியும் சேர்ந்து வர, சீர்வரிசைக் கட்டிலும் பீரோவும் தேடுவோர் தாமாகவே பெருகுவார்கள். ஆகவே பிப்ரவரியை ஒப்பிட வேண்டியது போன வருடத்துப் பிப்ரவரியோடுதான். ஆனால் புரொஃபைல் பக்கத்தில் ஆறு மாதக் கணக்குதான் கிடைக்கும். ஆகவே மாதாமாதம் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தாக வேண்டும்.

இன்னும் ஒரு கழித்தல் உண்டு. Search terms என்ற அறிக்கை, என்ன சொல்லித் தேடியவர்களுக்கு விளம்பரம் தெரிந்தது என்று காட்டும். சில தேடல்களை மறைத்தாலும் போக்கு தெரிந்துவிடும். அந்த 200 தொடுகைகளில் 80 கடையின் பெயரையே தட்டித் தேடியவர்களுடையது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பெரும்பாலோர் விளம்பரம் இல்லாவிட்டாலும் இலவசப் பட்டியல் வழியாக வந்திருப்பார்கள். விளம்பரத்தில் உள்ள வழிகாட்டிப் பொத்தானைத் தொட்டாலும் ஒரு கிளிக்குக்கான காசு போகும். அந்த 80-ஐக் கழித்தால் மிஞ்சுவது 120. ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய்.

கடைசியில் கணக்கு பில் போடும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். பில் போடும்போது “நம்ம கடையை எப்படிங்க தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டு ஓர் எழுத்தைக் குறித்துவைத்தால் போதும். கூகுளில் பார்த்ததாகச் சொன்ன புது ஆட்களின் பில் மாதத்தில் ஒன்பது. பில்லுக்குச் சராசரியாக 5,000 ரூபாய் லாபம் என்றால், மொத்தம் 45,000. இதில் இலவசப் பட்டியலைப் பார்த்து வந்தவர்களும் இருப்பார்கள். நான்கு பில்தான் விளம்பரத்தால் வந்தது என்று பிடித்தாலும் 20,000 லாபம். செலவுக்குச் சற்று மேலே நிற்கிறது. மூன்று பில் என்றால் 15,000-தான், கையைக் கடித்துவிடும்.

நான்கா மூன்றா என்று தெரிய, விளம்பரத்தை ஒரு வாரம் ஓடவிட்டு மறுவாரம் நிறுத்தி, எட்டு வாரம் பார்க்கலாம். ஓடிய வாரங்களிலும் நின்ற வாரங்களிலும் முகூர்த்த நாள்கள் ஏறக்குறைய சமமாக அமைய வேண்டும். இரண்டிலும் கூகுள் பார்த்து வந்த பில்கள் ஒரே அளவில் இருந்தால், அந்த 18,000 ரூபாயை வேறு செலவுக்கு மாற்றிவிடலாம். ஓடிய வாரங்களில் தெளிவாகக் கூடியிருந்தால், கடையின் பெயரைத் தேடுவோருக்குப் போகும் செலவைக் குறைத்து, ‘மதுரையில் தேக்குக் கட்டில்’ என்று தேடுவோர் பக்கம் அதைத் திருப்பிவிடச் சொல்லலாம்.