ஒரு லட்ச ரூபாய் பத்திரத்துக்கு ஏன் ஒரு லட்சத்து ஐயாயிரம்?

மத்திய அரசு வெளியிட்ட 7.10% GS 2034 என்ற கடன் பத்திரத்தை ஒருவர் ஒரு லட்ச ரூபாய் முகமதிப்புக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பார்த்த விலை 102.40. அதாவது நூறு ரூபாய் முகமதிப்புக்கு நூற்றிரண்டு ரூபாய் நாற்பது காசு. மனக்கணக்கில் 1,02,400 ரூபாய் வருகிறது. கைக்கு வந்த ரசீதிலோ செலுத்த வேண்டிய தொகை 1,05,023.06 ரூபாய். கூடுதலான 2,623 ரூபாயைப் பார்த்ததும் தரகு பிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். தரகு என்று எங்கும் எழுதியிருக்காது. ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

அந்த வரியைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பெரும்பாலோர் மொத்தத் தொகையைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி ‘ரீட்டெய்ல் டைரக்ட்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, முன்பு பெரும்பாலும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கையாண்ட இந்தக் கணக்கு சாதாரண சேமிப்பாளரின் மேஜைக்கும் வந்துவிட்டது.

இந்தப் பத்திரம் ஏப்ரல் 8, அக்டோபர் 8 என ஆண்டுக்கு இருமுறை வட்டி தருகிறது. ஒரு லட்சத்துக்கு ஒவ்வொரு முறையும் 3,550 ரூபாய். இந்த 3,550-ஐ, ஆறு மாதத்தில் பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும், வட்டி நாளில் யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவருக்கே அரசு முழுதாகக் கொடுக்கும். இடையில் விற்றவருக்கு அவர் வைத்திருந்த நாட்களின் வட்டியை யார் தருவது? வாங்குகிறவர்தான். பயிர் நிற்கும் நிலத்தை விற்கும்போது நிலத்துக்கு ஒரு விலையும் பயிருக்கு ஒரு விலையும் பேசுவதைப் போன்றது இது. நிலத்தின் விலைதான் கிளீன் பிரைஸ். பயிரின் விலை, அதுவரை சேர்ந்த வட்டி. இரண்டும் சேர்ந்து நம் கையை விட்டுப் போகும் தொகைதான் டர்ட்டி பிரைஸ்.

சந்தை ஏன் கிளீன் விலையைப் பேசுகிறது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. டர்ட்டி விலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வட்டி கொடுத்த நாளில் சட்டென்று 3 ரூபாய் 55 காசு இறங்கும். அதை வைத்துப் பார்த்தால் பத்திரத்தின் மதிப்பு உண்மையிலேயே ஏறியதா, நாள் நகர்ந்ததால் ஏறியதா என்று பிரித்தறிய முடியாது.

இப்போது கணக்கு. தேதிகளும் வட்டி விகிதமும் இந்தப் பத்திரத்துக்கு உரியவை. விலை மட்டும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டது. வாங்கியது 2025 பிப்ரவரி 20, வியாழன். அரசுப் பத்திரங்களில் பணமும் பத்திரமும் கைமாறுவது அடுத்த வேலை நாளில் என்பதால், செட்டில்மென்ட் பிப்ரவரி 21. வட்டி எண்ணப்படுவது இந்த நாள் வரைக்குமே தவிர, வாங்கிய நாள் வரைக்கும் அல்ல. கடைசியாக வட்டி கொடுத்தது 2024 அக்டோபர் 8.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே எத்தனை நாள்? நாட்காட்டியைப் பார்த்து எண்ணினால் 136. ஆனால் இந்திய அரசுப் பத்திரங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்பது விதி. அக்டோபர் 8 முதல் பிப்ரவரி 8 வரை நான்கு மாதம், 120 நாள். அங்கிருந்து 21-ஆம் தேதி வரை 13 நாள். ஆக 133.

```
1,00,000 × 7.10% × 133 ÷ 360 = 2,623.06
1,02,400.00 + 2,623.06 = 1,05,023.06
```

ரசீதோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சோதிக்கலாம். அடுத்த வட்டி நாளான ஏப்ரல் 8-க்கு இதே கணக்கில் 47 நாள் மிச்சம். அதற்கான வட்டி 926.94 ரூபாய். முன்பு கட்டிய 2,623.06-ஐ இதோடு கூட்டினால் சரியாக 3,550. ஏப்ரலில் முழு வட்டியும் வங்கிக் கணக்கில் விழும்போது, அதில் பெரும்பகுதி நாம் முன்கூட்டிக் கொடுத்த பணம்தான் திரும்பி வருகிறது.

கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு நாள் வட்டி எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே 7,100-ஐ 360-ஆல் வகுத்தால் 19.72 ரூபாய். ரசீதுக்கும் நம் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இதன் முழு மடங்காக இருந்தால் தவறு நாட்களில் இருக்கிறது. சரியாக 19.72 குறைந்தால் வாங்கிய தேதியையும் செட்டில்மென்ட் தேதியையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள், அநேகமாக நாமேதான். 59.17 வித்தியாசம் என்றால் மூன்று நாள்: நாட்காட்டியைப் பார்த்து 136 என்று எண்ணிவிட்டு 360-ஆல் வகுத்திருக்கிறோம். முழு மடங்காக வராமல் 22.42 என்பதுபோல அரைகுறையாக வந்தால் நாள் எண்ணும் முறையே வேறு. 136-ஐ 365-ஆல் வகுத்தால் 2,645.48 வரும். சரி, வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தால்? கடைசி வட்டித் தேதியையே தவறாக எடுத்திருக்கிறோம் என்று பொருள்.

முப்பது நாள் விதியில் சில விசித்திரங்கள் உண்டு. 30-ஆம் தேதியும் 31-ஆம் தேதியும் ஒரே நாள்தான். 31-க்கு என்று வட்டி கிடையாது. அதற்கு ஈடு செய்வதுபோல, பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1-க்கு மூன்று நாள் தாவும். மாதக் கடைசியில் வாங்கிய ரசீதைச் சரிபார்க்கும்போது இதை மறந்தால் வீண் சந்தேகம் வரும்.

அக்ரூட் இன்ட்ரஸ்டில் பேரம் இல்லை. வட்டி விகிதம், இரண்டு தேதிகள், நாள் எண்ணும் விதி, இவை நான்கும் தெரிந்தால் யார் போட்டாலும் ஒரே விடைதான் வர வேண்டும். விற்பவரின் லாபமும் இடைத்தரகரின் பங்கும் ஒளிந்திருக்கக்கூடிய இடம் கிளீன் பிரைஸ்தான். அதனால் வட்டியைச் சரிபார்ப்பதன் உண்மையான பயன், அதைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் விலையைத் தனியே நிறுத்திப் பார்ப்பது. அந்த விலையை அதே நாளில் அதே பத்திரம் சந்தையில் கைமாறிய விலையோடு ஒப்பிடலாம். மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

நிறுவனங்களின் கடன் பத்திரங்களில், அதாவது என்சிடிகளில், இது இன்னும் முக்கியம். பங்குகளைப்போலச் சந்தையில் வாங்கும் என்சிடிகளில் வட்டியும் உள்ளடங்கிய விலை திரையில் ஓடுவது வழக்கம். அங்கே ரசீதில் வட்டிக்கென்று தனி வரி இருக்காது. நாமேதான் பிரித்தெடுக்க வேண்டும். நாள் எண்ணுவதும் வேறு மாதிரி: உண்மையான நாட்கள், ஆண்டுக்கு 365. வட்டிக் காலத்துக்குள் பிப்ரவரி 29 வந்தால் 366.

ஆயிரம் ரூபாய் முகமதிப்பு, ஆண்டுக்கொருமுறை 9 சதவீத வட்டி தரும் ஒரு என்சிடியை எடுத்துக்கொள்வோம். கடைசி வட்டி மே 15-இல் வந்தது. செட்டில்மென்ட் செப்டம்பர் 12; இடையே 120 நாள். சேர்ந்த வட்டி 90 × 120 ÷ 365, அதாவது 29.59 ரூபாய். சந்தைத் திரையில் விலை 1,034. இன்னொரு விற்பனையாளர் 1,008-க்குத் தருவதாகச் சொல்கிறார். இரண்டாவதுதான் மலிவு என்று கை தானாகப் போகும். முதலாவதிலிருந்து வட்டியைக் கழித்தால் கிளீன் விலை 1,004.41. இரண்டாமவர் சொன்ன 1,008 கிளீன் விலை என்றால், அவரிடம் நாம் கடைசியில் கட்டப்போவது 1,037.59. மலிவாகத் தெரிந்ததுதான் மூன்றரை ரூபாய் அதிகம். விலை சொல்கிறவரிடம் ‘இதில் வட்டி சேர்ந்ததா, சேராததா?’ என்று கேட்காமல் பேச்சைத் தொடரக் கூடாது.

முத்திரைத் தீர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. கைமாறும் என்சிடிக்கு அது 0.0001 சதவீதம். ஒரு லட்சத்துக்குப் பத்துக் காசு. அதைவிடப் பெரிய தொகையை அந்தத் தலைப்பில் காட்டினால் விளக்கம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் ரெக்கார்ட் தேதி. என்சிடிகளில் வட்டி நாளுக்குச் சுமார் பதினைந்து நாள் முன்பே, யாருக்கு வட்டி என்று பெயர்ப் பட்டியலை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வாங்குகிறவருக்கு வரவிருக்கும் வட்டி கிடைக்காது. முழுதும் விற்றவருக்கே போகும். அப்படியானால் கணக்கு தலைகீழாக வேண்டும். மேலே சொன்ன என்சிடியை வட்டி நாளுக்குப் பத்து நாள் முன்பு வாங்கினால், அந்தப் பத்து நாளும் பத்திரம் நம்மிடம் இருக்கிறது, வட்டி அவருக்குப் போகிறது. ஆகவே 90 × 10 ÷ 365, அதாவது 2.47 ரூபாயை அவர் நமக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அக்ரூட் இன்ட்ரஸ்ட் மைனஸில் வரும். டர்ட்டி விலை கிளீன் விலையைவிடக் குறைவாக இருக்கும். அப்படியல்லாமல் வழக்கம்போல 355 நாள் வட்டி என்று 87.53 ரூபாயைக் கூட்டியிருந்தால், வரவே போகாத வட்டிக்கு முன்பணம் கட்டுகிறோம். ஒரு பத்திரத்துக்கு இழப்பு 90 ரூபாய். நூறு பத்திரம் வாங்கியிருந்தால் 9,000.

அரசுப் பத்திரங்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. வட்டி நாளுக்கு முந்தைய ஒரு நாள் மட்டும் கைமாற்றத்தை நிறுத்திவைத்துவிடுகிறார்கள். ஏப்ரல் 8 வட்டி நாள் என்றால் ஏப்ரல் 7-இல் செட்டில்மென்ட் கிடையாது.

வரிக் கணக்கு எழுதும்போது இந்த ரசீது மறுபடி தேவைப்படும். ஏப்ரலில் வந்த 3,550 முழுதும் வட்டி வருமானமாகத் தெரியும். அதில் 2,623 நம் சொந்தப் பணம் என்பது வங்கிக் கணக்கில் எங்கும் தெரியாது. வாங்கும்போது கட்டிய வட்டியை வட்டி வருமானத்திலிருந்து கழிக்க முடியாது என்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரங்களை வியாபாரச் சரக்காக வைத்திருக்கும் வங்கிகளுக்கு அந்தக் கழிவு உண்டு என்று 2024-இல் பேங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பு வந்தது. தனிநபர் எந்தப் பக்கம் வருகிறார் என்பதை ஆடிட்டர் அவரது கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது கிளீன் விலையும் சேர்ந்த வட்டியும் தனித்தனியாகத் தெரிகிற ரசீதைக் கொண்டுபோனால், ஏன் ஒரு லட்சத்து ஐயாயிரம் கட்டினீர்கள் என்ற கேள்வியிலேயே நேரம் போகாது.