பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டினால் சில நூறு அடிகளிலேயே வேலை முடிந்துவிடும். ரஷ்யாவின் கோலா பகுதியில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையும் சுமார் 12 கிலோமீட்டர்தான். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. அப்படியானால் அதன் உள்ளமைப்பை எவ்வாறு அறிந்தோம்? நிலநடுக்கங்களே அதைச் சொல்லித் தந்தன.

1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஷில்லாங் நகரின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டாம் அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைவில், ஐரோப்பாவிலிருந்த கருவிகளும் அந்த அதிர்வைப் பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியாக வந்திருப்பதை அவர் கண்டார்.

முதலில் வருவது பி அலை. இது ஒலியைப் போலப் பாறையை அழுக்கியும் தளர்த்தியும் செல்லும். அடுத்தது எஸ் அலை. இது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும். கடைசியில் வருபவை நிலப்பரப்பை ஒட்டிச் செல்லும் அலைகள். இன்று ஷில்லாங்கில் நிலம் நடுங்கினால், பி அலை அம்பத்தூருக்கு வர ஏறத்தாழ 4 நிமிடமும், எஸ் அலை வர ஏறத்தாழ 7 நிமிடமும் ஆகும். இந்த இடைவெளியைக் கொண்டே நடுக்கம் எவ்வளவு தொலைவில் நிகழ்ந்தது என்று கணக்கிடலாம்.

அலைகள் ஊடகத்திற்கு ஏற்ப வேகம் மாறும். 1909-இல் குரோவேஷியாவின் மொகோரோவிசிச், சற்றுத் தொலைவிலுள்ள நிலையங்களுக்கு ஒரே நடுக்கத்திலிருந்து இரண்டு பி அலைகள் வருவதைக் கவனித்தார். ஒன்று மேலே மெதுவாக வந்தது. மற்றது ஆழமாகச் சென்று, அங்குள்ள அடர்ந்த பாறையில் விரைந்து வந்தது. மேலே உள்ளது மேலோடு. கீழே உள்ளது கவசம். கண்டங்களின் அடியில் மேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன் கொண்டது.

அதற்கும் கீழே? 1906-இல் ஓல்டாம், மிகத் தொலைவுக்குச் செல்லும் அலைகள் தாமதமாக வருவதைக் காட்டி, நடுவே வேறொரு பொருளாலான கரு உண்டு என்றார். 1914-இல் குட்டன்பெர்க் அதன் விளிம்பு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது எனக் கணக்கிட்டார். இது காஷ்மீர்-கன்னியாகுமரி தொலைவைவிடச் சற்றே குறைவு.

கரு திடமா, திரவமா? ஒரு பொருளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது திரும்பித் தன் நிலைக்கு வந்தால்தான் எஸ் அலை அதில் செல்லும். நீருக்கு அந்தத் தன்மை இல்லை. எஸ் அலைகள் கருவினூடே வரும் சான்று கிடைக்கவில்லை. நிலவின் ஈர்ப்பால் பூமி வளையும் அளவையும் கணக்கிட்டு, 1926-இல் ஜெப்ரீஸ் கரு திரவமே என்று நிறுவினார். 1936-இல் இங்கே லேமன் அதன் நடுவே மற்றொரு பகுதி இருப்பதைக் கண்டார். அது திடமானது எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே திரவமாயிருப்பது வெளிக்கரு மட்டுமே.