ஆய்வு மாணவியின் மகப்பேறு விடுப்பும் பதிவுக் கால நீட்டிப்பும்

முனைவர் பட்ட ஆய்வின் இடையில் குழந்தை பெறும் மாணவிக்கு விடுப்பு உண்டு. இந்தியாவில் அதற்கு அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகள். ஆய்வுக் காலம் முழுவதிலுமாக 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ வழங்கலாம் என்கின்றன அவை. ‘வழங்கலாம்’ என்றே இருப்பதால், விடுப்பு தானாக வந்துவிடாது. மாணவி விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும்.

அதே விதிகள் ஆய்வை முடிக்க, சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு தருகின்றன. மறுபதிவின் மூலம் இன்னும் இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக்கூடாது. இந்தத் தளர்வுக்கும் மகப்பேறுக்கும் தொடர்பில்லை. குழந்தை பெறாத மாணவியும் அதைக் கேட்கலாம். தளர்வு ஆய்வின் கடைசியில் உதவுவது. விடுப்பு நடுவில் எடுப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவு செய்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஆறு ஆண்டு 2029 ஜூலை 31-இல் முடியும். 2026 அக்டோபரில் பிரசவம் என்று மருத்துவர் குறித்திருக்க, செப்டம்பர் 1 முதல் 240 நாள் விடுப்பு எடுத்தால் அது 2027 ஏப்ரல் 28-இல் முடிகிறது. விடுப்பு நாட்களைப் பதிவுக் காலத்தில் சேர்க்காமல் விட்டால் கடைசி நாள் 2030 மார்ச் 28 ஆகும். சேர்த்தால் பழைய தேதியே நிற்கும். எட்டு மாதம் கைவிட்டுப் போகும். இதைத் தீர்மானிப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி.

ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு கோரிக்கைகளும் தனித்தனியாக இருக்க வேண்டும்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு, அந்த நாட்களுக்கு ஈடாகப் பதிவுக் கால நீட்டிப்பு. பதிவு எண், பதிவு செய்த தேதி, ஏற்கெனவே எடுத்த விடுப்பு ஆகியவற்றைக் குறித்து, பிரசவத் தேதி காட்டும் மருத்துவச் சான்றை இணைத்து, நெறியாளர், துறைத்தலைவர் வழியாக அனுப்புவதே முறை. விடுப்புக் காலத்தில் வரும் அரையாண்டு முன்னேற்ற அறிக்கைக்கும் கட்டணத்துக்கும் என்ன செய்வது என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். உதவித்தொகை பெறுபவர் அதை வழங்கும் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும்.

பணியில் இருந்தபடி பகுதிநேரமாக ஆய்வு செய்பவருக்கு அலுவலகம் தரும் மகப்பேறு விடுப்பு வேறு. அது பல்கலைக்கழகப் பதிவை நிறுத்தி வைக்காது. அங்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புதிய கடைசித் தேதி. விடுப்பு மட்டும் அனுமதிக்கப்பட்டு அந்தத் தேதி இல்லாதிருந்தால், திருத்த ஆணையை அப்போதே கேட்டுப் பெற வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளில் அலுவலகம் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.